படத்தில் தெரியாததை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்

 

நீளமான பதிவுதான். ஆனால் போன கிழமை எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய அந்தப் புல்லுப் படத்துக்கு ஆளாளுக்கு எழுதிய கொமன்ட்களைப் பார்த்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை. சிலருக்குக் கோபம் வரலாம். வந்தாலும் பரவாயில்லை, கடைசி வரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நடந்தது இதுதான். கோமாரியில் ஒரு வீட்டு வளவு. இரவு பெய்த மழைக்குப் பிறகு காலையில் புல்லுக்குள் ஏதோ நெளிந்து போயிருக்கிறது. அந்த வீட்டுத் தம்பி போனில் ஒரு படம் எடுத்திருக்கிறான். பென்சிலை விட மெல்லிய உடம்பு, வெண்கல நிறம், முதுகில் கறுப்புப் புள்ளிகள் கோடு கோடாக ஓடுகின்றன, வால் செக்கச் சிவப்பு. படம் குழுவுக்கு வந்த பத்தாவது நிமிடத்தில் தீர்ப்பும் வந்துவிட்டது. "விரியன் குட்டி, நூறு வீதம்" என்றார் ஒருவர். "சிவப்பு வால் என்றால் கடும் விஷம்" என்றார் இன்னொருவர். ஒருவர் ஐரோப்பாவில் இருக்கும் கால் இல்லாத பல்லி ஒன்றின் படத்தை இணையத்தில் தேடி எடுத்துப் போட்டு "இதுதான் அது" என்றார். வயதான ஒருவர் "அரணை கடித்தால் மரணம் எண்டு சும்மாவா சொன்னாங்க" என்று குரல் பதிவே போட்டிருந்தார்.

அந்த நேரத்துக்குள் அது மண்வெட்டியால் அடிபட்டுச் செத்தும் போய்விட்டது. வால் தனியாகக் கழன்று புல்லில் கொஞ்ச நேரம் துடித்திருக்கிறது. அதையும் வீடியோ எடுத்து, "பாத்தீங்களா, செத்த பிறகும் வீரியம்" என்று அனுப்பினார்கள்.

நான் அந்தத் தம்பியிடம் இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, போனில் எடுத்த அசல் படம். மற்றது, செத்ததை ஒரு வெள்ளைக் கடதாசியில் வைத்து, பக்கத்தில் அடிமட்டம் வைத்து ஒரு படம். இரண்டும் வந்தன. அவற்றைப் பார்த்தபோது என்ன தெரிந்தது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் கண்.

பாம்புக்கு இமை கிடையாது. கண்ணுக்கு மேல் கண்ணாடி போல ஒரு செதில் மூடியிருக்கும். அதனால்தான் பாம்பின் கண் எந்நேரமும் திறந்தபடி, ஓரத்தில் மடிப்பு எதுவும் இல்லாமல், ஒட்டி வைத்த மணி மாதிரி பளபளக்கும். இதை நம்பாதவர்கள் வளவில் பாம்புச் சட்டை கிடந்தால் அதன் தலைப் பக்கத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள். கண் இருந்த இடத்தில் ஓட்டை இருக்காது. சின்ன வில்லை மாதிரி ஒரு மூடி இருக்கும். அந்தச் செதிலும் சேர்ந்தே கழன்றிருக்கிறது. நான் தரம் 8 பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவதற்காக ஒரு சட்டையைப் போத்தலுக்குள் வைத்திருக்கிறேன்.

அரணைக்கு இமை உண்டு. கீழ் இமை மேலே எழும்பிக் கண்ணை மூடும். அசல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கண்ணைச் சுற்றி ஒரு விளிம்பும், கீழ்ப் பக்கம் ஒரு மடிப்பும் தெளிவாகத் தெரிந்தன. குழுவில் சுற்றிய படத்தில் அது தெரியவில்லை. ஏனென்றால் வட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. கண் இருந்த இடத்தில் வெறும் கறுப்புப் பொட்டு ஒன்றுதான் மிச்சம்.

அடுத்தது காது.

பாம்புக்கு வெளிக்காது இல்லை, செவிப்பறையும் இல்லை. உள்ளுக்குள் காது இருக்கிறது. நிலத்தின் அதிர்வைத் தாடை எலும்பு வழியாக உணரும். ஆனால் வெளியே துவாரம் கிடையாது. அரணையில் வாய் முடியும் மூலைக்குக் கொஞ்சம் பின்னால், கழுத்துப் பக்கமாக ஒரு துவாரம் இருக்கும். வீட்டுச் சுவரோரம் வெயில் காயும் பெரிய அரணையில் அதைத் தூரத்தில் நின்றே காணலாம். இந்தப் புல்லுப் படத்தில் இருந்ததற்கு அது மிகச் சிறியது, கண்ணை விடவும் சிறியது. ஆனாலும் இருந்தது. முதலில் மண் துணுக்கோ என்று எனக்கும் சந்தேகம். அடிமட்டத்தோடு எடுத்த இரண்டாவது படத்திலும் அதே இடத்தில் அதே துவாரம் இருந்தபோதுதான் காது என்று முடிவு செய்தேன்.

மூன்றாவது வால்.

வால் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் பிழை விடுகிறார்கள். பாம்பைப் பார்த்தால் தலைக்குப் பிறகு எல்லாம் வால் என்று நினைக்கிறோம். அது சரியில்லை. மலவாயிலுக்குப் பிறகு வருவதுதான் வால். பாம்புகளில் பெரும்பாலும் உடம்புதான் நீளம், வால் கட்டை. கால் குறுகிய அல்லது கால் இல்லாத பல்லியினங்களில் வால் கழன்று போகாமல் இருந்தால், உடம்பளவுக்கோ அதற்கு மேலாகவோ நீண்டிருப்பதும் உண்டு. அந்தக் கடதாசிப் படத்தில் மூக்கிலிருந்து பின்னங்கால் வரை 5 சென்ரிமீற்றர். அதற்குப் பிறகு ஒட்டியிருந்த துண்டு 2 சென்ரிமீற்றர், கழன்ற துண்டு 4. ஆக உடம்பை விட வால் நீளம்.

ஓம், பின்னங்கால் என்றுதான் சொன்னேன். அதற்கு நான்கு காலும் இருந்தன. சின்னஞ்சிறு கால்கள். புல்லுக்குள் வேகமாகப் போகும்போது அவற்றை உடம்போடு ஒட்டி மடித்துக்கொண்டு பாம்பு போல நெளிந்துதான் அது போகும். அதனால் மேலே நின்று எடுத்த படத்தில் கால் தெரியவில்லை. "கால் இல்லை, எனவே பாம்பு" என்று தீர்ப்புச் சொன்ன அத்தனை பேரும் மடித்து வைத்த காலைக் காணாதவர்கள்.

அது புள்ளி அரணை. விஞ்ஞானிகள் ரியோப்பா என்ற பேரினத்தில் வைத்திருக்கிறார்கள். இலங்கையிலும் இந்தியாவிலும் தோட்டங்களில், கல்லுக்கடியில், புல்லுக்குள் இருப்பது. குட்டிப் பருவத்தில் வால் சிவப்பாக இருக்கும், வளர வளர அந்த நிறம் மங்கிவிடும். சிவப்பு வால் விஷத்தின் அடையாளம் இல்லை. கொத்த வரும் பறவையின் கண் தலைக்குப் போகாமல் வாலுக்குப் போகட்டும் என்பதற்காக அமைந்தது. வாலைப் பிடித்தால் கழற்றிவிட்டு ஓடிவிடும். வால் எலும்புகளுக்குள் அதற்கென்றே பலவீனமான வெட்டுக்கோடுகள் இருக்கின்றன. கழன்ற வால் துடிப்பது எதிரியை மினக்கெடுத்தத்தான். பிறகு புது வால் முளைக்கும், ஆனால் உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்புதான் இருக்கும். நீங்கள் "வீரியம்" என்று வீடியோ எடுத்தீர்களே, அது பாம்பு இல்லை என்பதற்கு அந்த அரணை கடைசியாகத் தந்த சாட்சி.

அதற்கு விஷம் இல்லை. நம் நாட்டு அரணை எதற்கும் விஷம் இல்லை. "அரணை கடித்தால் மரணம்" என்ற பேச்சு எப்படி வந்திருக்கும் என்பதைப் பற்றி என் எண்ணம் ஒன்று உண்டு. எட்டடி விரியன் இரவில் வந்து, பாயில் படுத்திருப்பவரைக் கடித்துவிட்டுப் போய்விடும். அந்தக் கடி வலிக்காமலே போகலாம், காயமும் சரியாகத் தெரியாது. விடியும்போது ஆள் சாகக் கிடப்பார். வாசலில் வெயில் காய ஓர் அரணை வந்திருக்கும். கண்ணில் பட்டது அதுதான், பழியும் அதற்குத்தான். இது என் ஊகம் மட்டுமே. ஆனால் காணாத ஒன்றின் குற்றத்தைக் கண்ட ஒன்றின் தலையில் கட்டுவது நமக்குப் புதிய பழக்கம் இல்லை.

இவ்வளவும் வாசித்த சில தம்பிமார் இப்போது "நாங்க அப்பவே சொன்னோமே, பாவம் அரணை, இந்தச் சனத்துக்கு அறிவில்ல" என்று எழுத விரலைத் தூக்கியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பதிவின் பாதி உங்களுக்கும்தான். உங்களுக்கு மட்டுமல்ல, எனக்கும்.

நாலு வருடத்துக்கு முன்பு இதே மாதிரி ஒரு குழுவுக்கு இரவு நேரத்தில் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் பக்கத்து ஊர் ராத்தா ஒருவர். பாய் ஓரத்தில் கறுப்பாக, மெல்லியதாக, பளபளவென்று ஒன்று. படம் கலங்கலாக இருந்தது. தலை எது, வால் எது என்று பிரிக்க முடியவில்லை. கண் தெரியவில்லை. "கண்ணே தெரியல்ல, கறுப்பு, மினுமினுப்பு. இது செவிப்பாம்பு. புழு மாதிரித்தான், ஒண்டும் செய்யாது, பயப்படாதீங்க" என்று ஒருவர் உடனே பதில் எழுதினார். அந்த ராத்தா அதை நம்பி, ஈக்கில் கட்டால் தட்டி விட்டுவிட்டு, வயதான உம்மாவை அதே பாயில் படுக்க வைத்தார்.

அந்தப் பதிலை எழுதியவன் நான்தான்.

விடியச் சுபஹுக்குப் பிறகு அவருடைய மகன் இன்னொரு படம் அனுப்பினான். இரவே டோர்ச் வெளிச்சத்தில் எடுத்தது, அனுப்ப மறந்திருக்கிறான். அதில் உடம்பு முழுக்க மெல்லிய வெள்ளை வளையங்கள், இரண்டு இரண்டாக. நீளம் அடிமட்டம் ஒன்றின் அளவு. எட்டடி விரியன் குட்டி. கை நடுங்க நடுங்க அழைப்பெடுத்து, உம்மாவை எழுப்பச் சொன்னேன். எழும்பினார், அல்ஹம்துலில்லாஹ். குட்டி ட்ரங்குப் பெட்டிக்குக் கீழே சுருண்டிருந்தது. பாம்பு பிடித்துப் பழகிய ஒருவர் வந்து கொண்டுபோனார். அந்தக் குட்டிக்கும் விஷம் உண்டு. முட்டையை விட்டு வந்த நாளிலிருந்தே உண்டு.

நான் எங்கே பிழை விட்டேன் என்று பல இரவு யோசித்திருக்கிறேன். செவிப்பாம்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது பிழை இல்லை. அதன் கண் உண்மையிலேயே செதிலுக்கடியில் மங்கிய புள்ளியாகத்தான் இருக்கும், சிலவேளை தெரியவே தெரியாது. இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும். எறும்புப் புற்றுக்கும் கறையான் புற்றுக்கும் போய் முட்டையும் குடம்பியும் தின்னும். மனிதருக்கு எந்தக் கெடுதியும் இல்லை. நான் விட்ட பிழை வேறு. படத்தில் கண் தெரியவில்லை என்பதை, அந்தப் பிராணிக்குக் கண் தெரியாது என்று வாசித்துவிட்டேன். தெரியாமல் போனதற்குக் காரணம் படம் கலங்கியது. நான் அதைப் பிராணியின் அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

இந்த ஒரு பிழையைத்தான் நாம் எல்லோரும் இரண்டு பக்கமும் விடுகிறோம். "கால் தெரியவில்லை, எனவே பாம்பு" என்று அடிப்பவரும், "கண் தெரியவில்லை, எனவே செவிப்பாம்பு" என்று சமாதானம் சொல்பவரும் ஒரே தோணியில்தான் இருக்கிறார்கள்.

நான் சொன்ன மூன்று அடையாளங்களும் ஒரு பக்கம் மட்டும் வெட்டும் கத்தி. அதைப் புரிந்துகொள்ளாவிட்டால் அந்த அடையாளங்களை மனப்பாடம் செய்தும் பலன் இல்லை.

காதுத் துவாரம் தெரிந்தால் அது பாம்பு இல்லை. முடிந்தது. ஆனால் காது தெரியாவிட்டால் பாம்பு என்று ஆகாது. நம் நாட்டில் மட்டுமே வாழும் நெஸ்ஸியா என்றொரு அரணைக் கூட்டம் இருக்கிறது, ஒன்பது இனங்கள். மண்ணுக்குள்ளும் உக்கிய மரத்துக்கடியிலும் சருகுக்கடியிலும் வாழ்பவை. சிலதற்கு நான்கு காலும் குச்சி போல இருக்கும், ஒன்றுக்குப் பின்னங்கால் மட்டும், சிலதற்குக் காலே இல்லை. மண்ணுக்குள் வாழ்வதால் அவற்றின் காது ஊசி முனை அளவு, அல்லது செதிலுக்குள் மறைந்தே போயிருக்கும். போன் படத்தில் அதைத் தேடுவது வீண்.

இமை தெரிந்தால் பாம்பு இல்லை. அதுவும் உறுதி. ஆனால் இமை இல்லாததெல்லாம் பாம்பு இல்லை. நம் வீட்டுச் சுவரில் இருக்கும் பல்லிக்கும் இமை கிடையாது. பாம்பு போலவே அதன் கண்ணையும் ஒரு கண்ணாடிச் செதில்தான் மூடியிருக்கிறது. நாக்கால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்திருப்பீர்கள், இமை இல்லாததால்தான் அந்தப் பாடு. அவுஸ்திரேலியாவில் பல்லிக்குச் சொந்தமான ஒரு குடும்பம் கால் இழந்து பாம்பு உருவில் வாழ்கிறது. அவற்றுக்கும் இமை இல்லை. ஆகவே இணையத்தில் "கால் இல்லாத பல்லி" என்று தேடி வரும் முதல் படத்தை எங்கள் ஊர்ப் படத்தோடு ஒட்டிப் பார்ப்பவர்கள் கவனியுங்கள். ஐரோப்பாவில் இருப்பது ஒரு குடும்பம், அவுஸ்திரேலியாவில் இருப்பது இன்னொன்று, நம் நெஸ்ஸியா வேறொன்று. தனித்தனியாகக் கால் இழந்தவை. ஒன்றின் அடையாளம் மற்றதற்குப் பொருந்தாது. கோமாரிப் புல்லில் ஐரோப்பியப் பல்லி வராது.

வாலும் அப்படித்தான். நீண்ட வால், நடுவில் கழன்ற தழும்பு, அந்தத் தழும்புக்குப் பிறகு நிறமும் புள்ளியும் மாறுவது, இவை தெரிந்தால் பல்லியினம். ஆனால் கட்டை வால் என்பதால் பாம்பு என்று சொல்ல முடியாது. நேற்றுத்தான் வாலைக் கழற்றிவிட்டு ஓடிய அரணையாகவும் இருக்கலாம். செவிப்பாம்பின் வால் மிகக் கட்டை, அகலமும் நீளமும் கிட்டத்தட்டச் சமம், நுனியில் சின்ன முள் ஒன்று இருக்கும். அதைத்தான் சிலர் கொடுக்கு என்று பயப்படுகிறார்கள். அது கொட்டாது, மண்ணில் ஊன்றி உந்துவதற்கு உதவுவது.

செத்துக் கிடப்பதாக இருந்தால் இன்னொரு உதவி உண்டு, வயிறு. பொல்லால் புரட்டிப் பார்க்கலாம், கையால் வேண்டாம். பாம்பின் வயிற்றில் குறுக்காக அகலமான செதில்கள் ஒரே வரிசையாக, படிக்கட்டு மாதிரி இருக்கும். அரணையின் வயிற்றில் முதுகில் உள்ளது போலச் சின்னச் செதில்கள்தான். ஆனால் இதற்கும் விலக்கு இருக்கிறது. செவிப்பாம்பு பாம்பாக இருந்தும் அதற்கு வயிற்றில் அகலச் செதில் இல்லை, சுற்றிவர ஒரே அளவுதான். ஆகவே வயிற்றில் படிக்கட்டுத் தெரிந்தால் பாம்பு, தெரியாவிட்டால் மேலும் பார்க்க வேண்டும். மறுபடியும் ஒரு பக்கம் வெட்டும் கத்தி.

இப்போது அந்தப் பாய்ப் படத்துக்குத் திரும்பிப் போவோம். அன்று நான் நேர்மையாக என்ன எழுதியிருக்க வேண்டும்? தலை தெரியவில்லை, எனவே கண்ணும் காதும் பற்றிப் பேச ஒன்றுமில்லை. வால் தெரியவில்லை. தெரிந்த ஒரே விஷயம் நீளம். பாயின் இழைகளை எண்ணியிருந்தால் ஒரு சாணை விட நீளம் என்பது பிடிபட்டிருக்கும். நம் வளவுகளில் காணும் செவிப்பாம்பு ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். அந்த ஒரு கணக்கே போதும், செவிப்பாம்பு என்ற பேச்சை நிறுத்துவதற்கு. பிறகு எழுத வேண்டியது ஒரு வரிதான்: "என்னால் சொல்ல முடியவில்லை. விரியன் என்றே எடுத்துக்கொண்டு உம்மாவைக் கட்டிலில் படுக்க வையுங்கள்." இதை எழுத எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. விஞ்ஞான பாட ஆசிரியர் தெரியாது என்று சொல்வதா என்ற வெட்கம். அந்த வெட்கத்தின் விலை ஒரு மூத்தம்மாவின் உயிராகப் போயிருக்கும்.

சிலர் கேட்பது எனக்குத் தெரியும். "சேர், பாம்போ அரணையோ, அடிச்சுப் போட்டா பிரச்சினை முடிஞ்சுதானே?" முடியாது. பாம்பை அடிக்கக் கிட்டப் போகும்போதுதான் கடி வாங்கும் ஆபத்துக் கூடுகிறது. அரணையை அடித்துப் பழகிய பிள்ளை, அடுத்த முறை அதே மெல்லிய உருவம் புல்லில் நெளியும்போது அதே துணிச்சலோடு கிட்டப் போவான். அன்று அங்கே இருப்பது விரியன் குட்டியாக இருந்தால் என்ன செய்வீர்கள்? விலகி நின்று போகவிடப் பழகிய பிள்ளைக்கு அரணை என்றாலும் விரியன் என்றாலும் ஆபத்து இல்லை.

இனிப் படம் எடுப்பவர்களுக்கு. இரண்டு மீற்றருக்குக் கிட்டப் போகாதீர்கள், போனில் பெரிதாக்கி எடுங்கள். மேலே நின்று எடுத்தால் முதுகு மட்டும்தான் வரும். குனிந்து, தலையின் பக்கவாட்டு வரும்படி ஒன்று, முழு உடம்பும் வால் நுனியும் வரும்படி ஒன்று எடுங்கள். பிளாஷ் போட்டால் கண்ணில் வெளிச்சம் பட்டு இமை விளிம்பு மறைந்துவிடும். அளவு காட்ட வேண்டும் என்று பக்கத்தில் எதையும் கொண்டுபோய் வைக்காதீர்கள். அது போன பிறகு அதே இடத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து, நின்ற இடத்திலேயே நின்று இன்னொரு படம் எடுத்தால் போதும். அனுப்பும்போது வட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டொகியுமென்டாக அனுப்புங்கள், படம் சுருங்காது.

பதில் எழுதுபவர்களுக்கு. என்ன தெரிகிறது என்று எழுதுங்கள், பெயரைப் பிறகு எழுதலாம். "காதுத் துவாரம் தெரிகிறது, ஆகவே பாம்பு இல்லை" என்பது பதில். "நூறு வீதம் விரியன்" என்பதும் "பயப்படாதீங்க" என்பதும் பதில் இல்லை. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுதுங்கள். குழு நிர்வாகிகளே, அடையாளம் எதையும் சொல்லாமல் பெயரை மட்டும் சொல்லும் கொமன்ட்களை அழித்துவிடுங்கள். என்னுடையது என்றாலும் அழியுங்கள்.

கடைசியாக, ஒருவரை ஏதோ கடித்துவிட்டது என்றால் இந்த அடையாளங்கள் எதற்கும் வேலை இல்லை. படத்தைக் குழுவில் போட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். கட்ட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், அதைத் தேடிப் பிடித்துக்கொண்டு போகவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 1990க்கு அழையுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் கிட்ட இருக்கும் ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கடித்த பிராணியின் பெயர் தெரியாமலும் டொக்டர்மாரால் வைத்தியம் பார்க்க முடியும். இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். ஆளின் கண் இமை தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எட்டடி விரியனின் விஷம் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தடுக்கிறது, முதலில் சோர்ந்து விழுவதில் ஒன்று இமை. அது தொங்கும் வரை வீட்டில் காத்திருக்கக் கூடாது. இரவில் பாயில் படுத்தவர் விடியப்புறம் வயிற்று வலி என்று எழும்பினாலே, கடித்த அடையாளம் எதுவும் இல்லாவிட்டாலும், இது மனதில் வர வேண்டும்.

நாலு வருடத்துக்கு முன்பு அந்தப் பாய்ப் படத்தில் பாம்பின் கண்ணைத் தேடிக் காணாமல் பதில் எழுதினேன். மறுநாள் விடியும் வரை பார்க்கப்பட வேண்டியதாக இருந்தது அந்த உம்மாவின் கண் இமை. இனி இந்த ஊர்க் குழுக்களில் அப்படி ஒரு பதில் வரக் கூடாது. என்னிடமிருந்தும் வராது.

மாரி தொடங்கிவிட்டது. புல் வளர்ந்திருக்கிறது. இந்தப் பதிவை உங்கள் வீட்டு வட்ஸ்அப் குழுவிலும் ஒரு தரம் போட்டுவிடுங்கள். பாயில் படுக்கும் பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இன்றைக்கே ஒரு கட்டிலுக்கு வழி பாருங்கள்.